வங்கிக் கடிதத்தை ஆச்சிக்கு எப்படிச் சொல்வது?

இடம்பெயர்ந்து வாழும் எமது குடும்பங்கள் பலவற்றில் வங்கியிலிருந்து வரும் கடிதத்தை வாசிக்கும் பொறுப்பு பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடமே விடப்படுகிறது. பிள்ளை எழுத்துப் பிழையின்றி உரத்து வாசித்து முடிக்கும். ஆச்சியும் தலையை ஆட்டுவார். பின்னர் கடிதம் கூரையில் செருகப்பட்டுவிடும். என்ன சொல்லப்பட்டது என்று ஒரு மணித்தியாலத்தின் பின் ஆச்சியைக் கேட்டால், "ஏதோ வட்டி கட்டச் சொல்லி வந்திருக்காம்" என்பார். எப்போது கட்டவேண்டும், கட்டாவிட்டால் என்ன நடக்கும் என்பது அவருக்குத் தெரியாது. வாசித்த பிள்ளைக்கும் பல வேளைகளில் தெரியாது.

கடிதத்தை வாசிப்பது ஒரு வேலை. அதை ஆச்சி பேசும் தமிழில் திருப்பி எழுதுவது வேறொரு வேலை. இந்த இரண்டாவது வேலையை எப்படிச் செய்வது என்பதை ஓர் உதாரணத்துடன் பார்ப்போம். எமது வீடுகளுக்கு அடிக்கடி வருவதும், தவறவிட்டால் உடனே இழப்பைத் தருவதுமான நகை அடைவுக் கடிதத்தையே எடுத்துக்கொள்வோம்.

கடிதம்

ஓர் ஆச்சி, குத்தகைக் காணியில் சிறுபோகம் விதைப்பதற்காகத் தமது சங்கிலியையும் மோதிரத்தையும் 2023ஆம் ஆண்டு மே மாதத்தில் வங்கியொன்றில் அடைவு வைத்தார் என்று வைத்துக்கொள்வோம். 2024ஆம் ஆண்டு யூன் மாதம் அவருக்கு வந்த கடிதம் பின்வருமாறு இருக்கிறது:

"இறுதி அறிவித்தல். திகதி 07.06.2024. தங்களால் 08.05.2023 ஆம் திகதி அடகு வைக்கப்பட்ட தங்க ஆபரணங்கள் (சங்கிலி 1, மோதிரம் 1, தேறிய நிறை 12.0 கிராம்) தொடர்பில் வழங்கப்பட்ட ரூபா 90,000.00 முற்பணத்தின் மீட்புக் காலம் 08.05.2024 அன்று முடிவடைந்துள்ளதை இத்தால் அறியத்தருகின்றோம். 07.06.2024 வரையான வட்டி ரூபா 19,528.77 உட்பட நிலுவைத் தொகை ரூபா 109,528.77 ஆகும். மேற்படி தொகையையும், செலுத்தும் திகதி வரை ஆண்டுக்கு 20 வீதப்படி சேரும் வட்டியையும் இக்கடிதத் திகதியிலிருந்து 14 நாட்களுக்குள் செலுத்தி ஆபரணங்களை மீட்டுக்கொள்ளுமாறு, அல்லது சேர்ந்த வட்டியைச் செலுத்தி அடகினைப் புதுப்பித்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்ளப்படுகின்றீர்கள். தவறும் பட்சத்தில் மேலதிக அறிவித்தல் எதுவுமின்றி ஆபரணங்கள் பகிரங்க ஏலத்தில் விற்பனை செய்யப்பட்டு, கிடைக்கும் தொகை நிலுவைக்கும் செலவுகளுக்கும் ஈடுசெய்யப்படும். மிகுதி இருப்பின் அது தங்களுக்கு உரித்தாகும்; குறைவு ஏற்படின் அதனைத் தங்களிடமிருந்து அறவிடும் உரிமை வங்கிக்கு உண்டு. மூலப் பற்றுச்சீட்டும் தேசிய அடையாள அட்டையும் சமர்ப்பிக்கப்படல் வேண்டும்."

இதில் பொய்யான வசனம் ஒன்றும் இல்லை. ஆயினும் ஆச்சிக்கு மிகவும் வேண்டிய செய்தி, அதாவது கடைசி நாள் எது என்பதும் அதற்குப் பின் நகை விற்கப்படும் என்பதும், இலக்கங்களுக்கும் நீண்ட வசனங்களுக்கும் நடுவே மறைந்து கிடக்கிறது. கடிதத்தில் உள்ள ஒழுங்கிலேயே சொல்லிக்கொண்டு போனால், அந்த இடத்துக்கு வரும்போது ஆச்சி கேட்பதை நிறுத்தியிருப்பார்.

எழுதுமுன் கேட்கவேண்டிய கேள்விகள்

ஆகவே சொல்லுக்குச் சொல் மாற்றத் தொடங்க வேண்டாம். முதலில் ஒரு கொப்பித் தாளில் ஐந்து கேள்விகளுக்கு விடை எழுதுங்கள். எந்தப் பொருளைப் பற்றிய கடிதம்? எந்த நாளுக்குள் போகவேண்டும்? எவ்வளவு காசு? என்ன கொண்டு போகவேண்டும்? போகாவிட்டால் யார் என்ன செய்வார்கள்? விடை கிடைக்காத கேள்வி இருந்தால், கடிதத்தை மறுபடியும் வாசியுங்கள். அப்போதும் கிடைக்காவிட்டால் வங்கியில் கேட்கவேண்டும். ஊகித்து நிரப்பக்கூடாது.

இந்த ஐந்தில் முதலாவதற்கு விடை சொல்வது எளிது. என்றாலும் ஆச்சிக்குக் கிராம் கணக்குப் பழக்கமில்லை. பவுண் கணக்கே பழக்கம். எட்டுக் கிராம் ஒரு பவுண். ஆகவே 12 கிராம் என்பது ஒன்றரைப் பவுண். நகையின் நிறையை அப்படிச் சொன்னால், எந்த நகை என்பதை அவர் தாமே சரிபார்த்துக்கொள்வார். ஒன்றரைப் பவுணில் குறைந்திருந்தால் உடனே குரல் கொடுப்பார். அதேபோல் 08.05.2023 என்ற திகதியும் அவருக்கு நினைவு வராது. "போன வருசம் சிறுபோக விதைப்புக்கெண்டு வைச்ச அடைவு" என்றால் நினைவு வரும்.

கடைசி நாளைக் கண்டுபிடித்தல்

கூடிய பிழை நிகழும் இடம் இதுதான். "14 நாட்களுக்குள்" என்பதைக் கேட்டதும், கடிதம் கையில் கிடைத்த நாளிலிருந்து இரண்டு கிழமை இருக்கிறது என்று நினைத்துவிடுகிறோம். கடிதம் அப்படிச் சொல்லவில்லை. "இக்கடிதத் திகதியிலிருந்து" என்றே சொல்கிறது. கடிதத்தின் திகதி யூன் 7, வெள்ளிக்கிழமை.

இடம்பெயர்ந்தவர்களுக்கு இது சிறிய வித்தியாசம் அன்று. கடிதம் முதலில் பழைய விலாசத்துக்குப் போகும். அங்கிருந்து தெரிந்தவர் ஒருவர் மூலமாகவோ கிராம அலுவலர் மூலமாகவோ இப்போதுள்ள இடத்துக்கு வந்து சேரும். இந்த ஆச்சிக்கு அது கிடைத்தது யூன் 14, வெள்ளிக்கிழமை மாலையில். ஏழு நாட்கள் வழியிலேயே கழிந்துவிட்டன.

இனி எண்ணிப் பார்ப்போம். யூன் 7இலிருந்து 14 நாட்கள் என்றால் யூன் 21, வெள்ளிக்கிழமை. ஆனால் 2024இல் அன்று பொசன் போயா. வங்கி பூட்டு. ஆகவே உண்மையான கடைசி நாள் யூன் 20, வியாழக்கிழமை. இடையில் 15ஆம் 16ஆம் திகதிகள் சனி, ஞாயிறு. 17ஆம் திகதி திங்கட்கிழமை ஹஜ்ஜுப் பெருநாள் விடுமுறை. எஞ்சியிருப்பவை செவ்வாய், புதன், வியாழன் ஆகிய மூன்று நாட்கள் மாத்திரமே. கடிதத்தில் 14 என்று எழுதப்பட்டிருந்தது. ஆச்சியின் கையில் இருந்தது 3. எனவே திருப்பி எழுதும்போது "14 நாள்" என்ற சொல்லே வரக்கூடாது. கலண்டரைப் பார்த்துக் கணக்கிட்டு, கிழமையின் பெயரைச் சொல்லுங்கள்.

மாதத்தின் பெயரிலும் ஒரு பொறி உண்டு. பள்ளிக்கூடத்தில் யூன் மாதத்தை ஆனி என்று படிப்பிக்கிறோம். வயதானவர்களுக்கு ஆனி மாதம் பஞ்சாங்கப்படி யூன் நடுப்பகுதியில்தான் பிறக்கும். பிள்ளை "ஆனி இருபது" என்று சொன்னால், ஆச்சி அதை யூலை முதற் கிழமையாக எண்ணிக்கொள்வார். அதற்கிடையில் நகை ஏலப் பட்டியலில் போய்விடலாம். ஆகவே மாதத் திகதியோடு நிற்காமல், "வாற பறுவத்துக்கு முதல் நாள், வியாழக்கிழமை" என்று சொல்லுங்கள். விவசாயிக்குப் பறுவம் தப்பாது.

காசுக் கணக்கு

கடிதத்தில் ரூபா 109,528.77 என்று இருக்கிறது. இந்தத் தொகையை எண்ணிக் கொண்டுபோனால் கவுண்டரில் காசு போதாது. ஏனெனில் அது யூன் 7 வரைக்குமான கணக்கு. "செலுத்தும் திகதி வரை சேரும் வட்டி" என்று கடிதம் தொடர்ந்து சொல்வதைப் பலர் கவனிப்பதில்லை.

வட்டி ஆண்டுக்கு 20 வீதம். 90,000 ரூபாவுக்கு ஆண்டு வட்டி 18,000 ரூபா. அதை 365ஆல் வகுத்தால் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 49 ரூபா 32 சதம். ஆச்சி செவ்வாய்க்கிழமை 18ஆம் திகதி போவதானால், 7ஆம் திகதிக்குப் பின் 11 நாட்கள். அதற்கு 542 ரூபா அளவில் சேரும். அப்போது முழுக்கடன் 110,071 ரூபா. வட்டி மாத்திரம் 20,071 ரூபா. சில இடங்களில் நாட்கணக்காக அன்றி மாதக்கணக்காகவும் வட்டி எடுப்பார்கள். சிறு கட்டணங்களும் சேரலாம். ஆதலால் சற்றுக் கூடுதலாகவே கொண்டு போகவேண்டும். ஆச்சியிடம் சதக் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை. "ஒரு நாள் பிந்தினால் அம்பது ரூபா ஏறும்" என்றால் போதும்.

இங்கே இரண்டு வழிகள் இருக்கின்றன என்பதையும் பிரித்துச் சொல்லவேண்டும். முழுக்காசையும் கட்டினால் நகை வீட்டுக்கு வரும். வட்டியை மாத்திரம் கட்டினால் நகை வங்கியிலேயே இருக்கும். 90,000 ரூபா கடனும் அப்படியே நிற்கும். புதிய துண்டும் புதிய தவணையும் கிடைக்கும். "புதுப்பித்தல்" என்ற சொல்லைக் கேட்டுவிட்டு, இருபதாயிரம் கட்டினால் சங்கிலி கிடைக்கும் என்று எண்ணிப் பஸ் ஏறியவர்கள் உண்டு. வெறுங்கழுத்தோடு திரும்பும்போது, தம்மை ஏமாற்றிவிட்டதாகவே அவர்கள் நினைக்கிறார்கள்.

யார் செய்வார்கள் என்பதைச் சொல்லுங்கள்

"விற்பனை செய்யப்படும்", "ஈடுசெய்யப்படும்", "கேட்டுக்கொள்ளப்படுகின்றீர்கள்" என்று கடிதம் முழுவதும் "படும்" என்றே முடிகிறது. செய்பவர் யார் என்பது தெரியாது. பேச்சுத் தமிழில் நாம் அப்படிப் பேசுவதில்லை. "வங்கிக்காரர் விப்பினம்", "நீங்கள் போகோணும்" என்று ஆளைச் சொல்லித்தான் பேசுகிறோம். ஒவ்வொரு "படும்" வரும் இடத்திலும் நின்று, யார் என்று கேளுங்கள். விடையை முன்னால் வையுங்கள். பாதிப் பாரம் அதிலேயே குறைந்துவிடும்.

அதேபோல் "மீட்டல்" என்பது "திருப்பி எடுக்கிறது". "நிலுவை" என்பது "இன்னும் குடுக்கக் கிடக்கிற காசு". "மூலப் பற்றுச்சீட்டு" என்பது அடைவு வைத்த அன்று தந்த துண்டு. அதன் போட்டோப் பிரதி அல்ல. "தவறும் பட்சத்தில்" என்பது "அந்த நாளுக்குள்ள போகாட்டி". "ஏலம்" என்ற சொல் ஆச்சிக்குத் தெரியும். மீன் சந்தையிலும் கோயிலிலும் கேட்ட சொல். அதை மாற்றத் தேவையில்லை. தெரிந்த சொல்லை இன்னும் எளிதாக்கப் போனால் குழப்பமே மிஞ்சும்.

கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்

அன்பினால் செய்யும் பிழை ஒன்று உண்டு. ஆச்சி பயந்துவிடுவார் என்று, "ஒண்டுமில்லை, பிறகு பாப்பம்" என்று பிள்ளைகள் சொல்லிவிடுகிறார்கள். மறுபுறத்தில், உடனே காசு திரட்டவேண்டும் என்பதற்காக, "பொலிசில குடுக்கப் போயினம்" என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். இந்தக் கடிதத்தில் பொலிசும் இல்லை, நீதிமன்றமும் இல்லை. நகையை விற்பார்கள் என்பது மாத்திரம் உறுதியாக இருக்கிறது. கடிதத்தில் உள்ள பயம் எவ்வளவோ அவ்வளவே நமது தாளிலும் இருக்கவேண்டும்.

விற்றபின் என்ன நடக்கும் என்பதையும் விட்டுவிடக்கூடாது. நகை கடனைவிடக் கூடிய விலைக்குப் போனால், மிகுதிக் காசு ஆச்சியுடையது என்று கடிதமே சொல்கிறது. நகை போய்விட்டது, இனிப் போய்க் கேட்க ஒன்றுமில்லை என்று துண்டை எறிந்துவிடுபவர்கள் இந்தக் காசையும் இழக்கிறார்கள். குறைந்த விலைக்குப் போனால் மீதியை வங்கி கேட்கலாம் என்பதும் கடிதத்தில் உண்டு. நல்லதை மாத்திரம் எழுதிவிட்டு மற்றதை மறைக்க வேண்டாம்.

திருப்பி எழுதிய கடிதம்

இனி முழுவதையும் ஆச்சியின் பேச்சில் எழுதினால் இப்படி வரும்:

"ஆச்சி, இது உங்கட நகை அடைவைப் பற்றி வங்கியில இருந்து வந்த கடிதம்.

போன வருசம் சிறுபோக விதைப்புக்கெண்டு சங்கிலியையும் மோதிரத்தையும் அடைவு வைச்சு 90 ஆயிரம் எடுத்தனீங்கள். ரண்டும் சேர்த்து ஒண்டரைப் பவுண். திருப்பி எடுக்கிற தவணை முடிஞ்சு போச்சு. நகை இன்னும் வங்கியிலதான் இருக்கு எண்டுதான் கடிதத்தில கிடக்கு.

வாற வியாழக்கிழமை, பறுவத்துக்கு முதல் நாள், அதுதான் கடைசி. பறுவத்தண்டு வங்கி பூட்டு. நாங்கள் செவ்வாய்க்கிழமை காலமையே போவம்.

ரண்டு வழி இருக்கு. ஒரு இலட்சத்துப் பத்தாயிரத்துச் சொச்சம் கட்டினால் நகையைக் கையில தருவினம். அவ்வளவு இல்லாட்டி, வட்டி இருபதாயிரத்துச் சொச்சத்தைக் கட்டலாம். அப்ப நகை வங்கியிலதான் இருக்கும். 90 ஆயிரம் கடனும் அப்படியே இருக்கும். ஆனால் விக்கமாட்டினம். புதுத் துண்டு தருவினம். ஒரு நாள் பிந்தினால் அம்பது ரூபா ஏறும்.

ஒண்டும் கட்டாட்டி, இன்னொரு கடிதம் போடாமலே வங்கிக்காரர் நகையை ஏலத்தில விப்பினம். தங்கட காசையும் செலவையும் எடுத்துக்கொண்டு மிச்சம் இருந்தால் அது உங்களுக்கு. காணாட்டி மீதியை உங்களிட்டக் கேக்கலாம்.

போகேக்க அடைவுத் துண்டும் உங்கட அடையாள அட்டையும் வேணும். நகை உங்கடை. எந்த வழியெண்டு நீங்கள்தான் சொல்லோணும்."

கடைசி வரி கடிதத்தில் இல்லாதது. ஆயினும் அது தேவை. வாசிக்கத் தெரிந்தவர் முடிவையும் தாமே எடுத்துவிடும் வழக்கம் எமது வீடுகளில் உண்டு. துண்டில் இருப்பது ஆச்சியின் பெயர்.

விளங்கியதா என்று பார்ப்பது

"விளங்கிச்சோ ஆச்சி?" என்று கேட்டால் "ஓம் மோனை" என்றே விடை வரும். அதனால் பயனில்லை. அவர் வாயாலேயே திருப்பிச் சொல்ல வையுங்கள். "மாமா போன் எடுத்தால் இந்தக் கடிதத்தைப் பற்றி என்ன சொல்லுவியள்?" என்று கேளுங்கள். விடையில் வியாழக்கிழமை வருகிறதா? வட்டி மாத்திரம் கட்டினால் நகை கைக்கு வராது என்பது வருகிறதா? இந்த இரண்டில் ஒன்று வராவிட்டால் ஆச்சியில் குறையில்லை. எழுதிய வசனத்தில்தான் குறை. அந்த வசனத்தை உடைத்து இன்னொரு விதமாகச் சொல்லிப் பாருங்கள். மறுநாட் காலையிலும் ஒருமுறை கேளுங்கள்.

இந்தத் தாள் வீட்டுக்குள் விளங்குவதற்கு மட்டுமே. வங்கிக்குப் போகும்போது மூலக் கடிதத்தைத்தான் கொண்டுபோகவேண்டும். இரண்டையும் சேர்த்துக் குத்தி வையுங்கள். கடித உறையையும் எறியாதீர்கள். தபால் முத்திரையில் உள்ள நாள், கடிதம் எப்போது அனுப்பப்பட்டது என்பதைக் காட்டும். பிந்திக் கிடைத்தது என்று முகாமையாளரிடம் எடுத்துச் சொல்ல அது உதவும். தவணை தருவதோ விடுவதோ அவர் முடிவு.

இடப்பெயர்வில் துண்டு தொலைந்திருந்தால் கடைசி நாள் வரை காத்திராமல் முதல் நாளே போய்ச் சொல்லுங்கள். உறுதிமொழிப் பத்திரம் கேட்கலாம். அதற்கே ஒரு நாள் போய்விடும். ஆச்சியால் பயணம் செய்ய முடியாவிட்டால், வேறொருவர் வருவதற்கு என்ன எழுத்து வேண்டும் என்பதை முன்கூட்டியே கேட்டறியுங்கள். கவுண்டரை விட்டு வருமுன், இப்போதுள்ள விலாசத்தையும் தொலைபேசி இலக்கத்தையும் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். அடுத்த கடிதம் பழைய வீட்டு வாசலில் ஒரு கிழமை கிடக்காது.